வராத 271 ரூபாய்

மிக்ஸி விலை 6,400 ரூபாய். 5 சதவிகிதம் கேஷ்பேக் என்றது ஒரு தளம். மனசுக்குள் 320 ரூபாய் என்று கணக்குப் போட்டு, அதில் பாதியைச் செலவும் செய்துவிட்டேன். ஒரு மாதமாயிற்று, தம்படி வரவில்லை. புகார் கொடுத்தால் 'டிராக் ஆகவில்லை' என்று இரண்டே வார்த்தையில் பதில். அதற்கு மேல் கேட்டால், விதிமுறைகளைப் பாருங்கள் என்கிறார்கள். பார்த்தேன். நீங்களும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் நம்மில் யாரும் அதைப் படிப்பதில்லை.

முதலில் ஒன்று. கேஷ்பேக் என்பது தள்ளுபடி இல்லை. தரகுக் கூலியில் பங்கு. கேஷ்பேக் தளம் உங்களைக் கடைக்கு அனுப்புகிறது. 'இந்த ஆளை அனுப்பியது இன்னார்' என்று ஒரு எண்ணைக் கடையின் முகவரியோடு ஒட்டி அனுப்புகிறது. கடை அதை உங்கள் ப்ரவுசரில் குக்கி என்கிற சின்னக் குறிப்பாக எழுதி வைக்கிறது. நீங்கள் பணம் கட்டியதும் குறிப்பைப் பார்த்து, அதில் பெயர் இருப்பவருக்குக் கமிஷன். அதில்தான் உங்கள் பங்கு. பெரும்பாலும் கமிஷனை வரி நீக்கிய விலையில்தான் கணக்கிடுவார்கள். 18 சதவிகித ஜி.எஸ்.டி.யைக் கழித்தால் என் மிக்ஸி 5,424 ரூபாய். ஆக, என் 320 ஆரம்பத்திலேயே 271 ஆகிவிட்டது. சரி, அதுவாவது வந்திருக்கலாமே.

நடந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குத் தளத்தின் வழியாகப் போய் மிக்ஸியைக் கூடையில் போட்டேன். மனைவி 'அவசரப்படாதீங்க' என்றாள். ஞாயிறு காலை பதினொன்றுக்கு உட்கார்ந்தபோது, கூப்பன் ஏதாவது கிடைக்குமா என்று சபலம். ஒரு கூப்பன் தளத்தில் 'கோடைக் காட்டு' என்று ஒரு பட்டன். அழுத்தினேன். கோடு வந்தது, கூடவே கடையும் புது ஜன்னலில் திறந்தது. கோடு காலாவதி. சீ போ என்று முழு விலை கொடுத்து வாங்கிவிட்டேன்.

தப்பு அங்கேதான். அந்தப் பட்டனும் ஒரு க்ளிக். புது ஜன்னல் திறந்தபோது குக்கியில் பழைய பெயரை அழித்து கூப்பன்காரர் பெயர் ஏறிவிட்டது. கடைசி க்ளிக் யாருடையதோ கூலியும் அவருக்கே என்பதுதான் இந்த வியாபாரத்தில் பொது வழக்கம். கால அளவு என்னைக் காப்பாற்றவில்லை. அமேசானின் இணைவிற்பனைத் திட்டத்தில் சாதாரணமாக 24 மணி நேரம். அதற்குள் கூடையில் போட்டுவிட்டால் சுமார் 90 நாள் வரை தாங்கும். ஆனால் நடுவில் வேறொருவரின் லிங்க் வழியாக நுழைந்தால் முந்தையவர் கணக்கு க்ளோஸ். எனக்கு 15 மணி நேரம்தான் ஆகியிருந்தது. பிரயோசனமில்லை.

2024 டிசம்பரில் அமெரிக்காவில் எழுந்த ரகளையும் இதே கடைசி க்ளிக் பற்றித்தான். பேபால் 2020-ல் சுமார் 400 கோடி டாலருக்கு வாங்கிய ஹனி என்கிற கூப்பன் தேடும் நீட்சி, பணம் கட்டும் நேரத்தில் குறுக்கே வந்து, அதுவரை இருந்த பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரை எழுதிக்கொள்கிறது என்று மெகாலாக் என்ற யூட்யூப் சேனல் குற்றம் சாட்டியது. வழக்குகள் வந்தன. தொழிலில் எல்லாரும் பின்பற்றும் விதிதானே என்றது கம்பெனி. எனக்கு அந்தப் பதில்தான் திகில்.

விதிமுறைகளோடு எனக்கு உள்ள சண்டை இதுதான். 'வேறு தளங்களின் கூப்பனைப் பயன்படுத்தினால் கேஷ்பேக் கிடையாது' என்று எழுதியிருக்கிறார்கள். நான் பயன்படுத்தவே இல்லை, பார்த்தேன். பார்த்தாலே போச்சு என்று ஒரு வரி சேர்க்க என்ன கஷ்டம்? யார் கணக்கில் என் ஆர்டர் விழுந்தது என்பது கடைக்குத் தெரியும். தளத்துக்குத் தெரியாது, எனக்குச் சொல்ல யாருமில்லை. புகாருக்கும் ஒரு ஜன்னல் வைத்திருக்கிறார்கள்: 72 மணி நேரம் பொறுக்க வேண்டும், பத்து நாள் தாண்டக் கூடாது. நான் மரியாதையாக ஒரு மாதம் காத்திருந்தேன்.

அடுத்த தடவை இப்படிச் செய்யப் போகிறேன். கூப்பன் தேடலை முதலில் முடித்துவிட்டு, கூடையைக் காலி செய்து, நீட்சிகளை அணைத்து, கடைசியாகத் தளத்தின் க்ளிக். உடனே, அதே ஜன்னலில் பணம். நடுவில் போனில் கடையின் ஆப்பைத் திறந்து வாங்கினாலும் அம்பேல்தான். ப்ரவுசரில் எழுதிய குறிப்பு ஆப்புக்குத் தெரியாது. மூன்றாம் நாள் தளத்தில் 'டிராக் ஆனது' என்று வந்திருக்கிறதா பார்க்க வேண்டும். அதுவும் நிச்சயமில்லை. பொருளைத் திருப்பும் கெடு முடிந்து, கடை கமிஷனைக் கொடுத்த பிறகுதான் பணம் உறுதி.

நேற்று மனைவி, மிக்ஸி ஜாடி அடியில் ஒழுகுகிறது, திருப்பி அனுப்ப முடியுமா என்று கேட்டாள். கேஷ்பேக் வந்திருந்தால் அதையும் திருப்பி எடுத்திருப்பார்கள்.