கல்யாண நாளும் அடுப்படிக் கணக்கும்

கல்யாண நாளை வீட்டிலேயே கொண்டாடுவது என்று முடிவானதும் பல வீடுகளில் மெனு பேசப்படுகிறது; யார் சமைப்பது என்று மட்டும் பேசப்படுவதில்லை. ஓட்டலில் இருவருக்கு ஆயிரத்துக்குமேல் ஆவது வீட்டில் 300 ரூபாயில் முடியும், உண்மைதான். ஆனால் அந்தச் சாயங்காலம் முழுக்க மனைவி அடுப்படியில் வியர்த்து நின்றால், மிச்சம் பிடித்த பணத்தை அவர் உழைப்பில் கழித்துவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

இந்தக் குறை பாதிக்குமேல் பலகாரத் தேர்விலேயே வருகிறது. விசேஷம் என்றதும் பூரி, நெய் தோசை என்று மனம் போகும். இரண்டையும் சுடச்சுடத் தின்ன வேண்டும். ஒருவர் சுட, ஒருவர் சாப்பிட, சேர்ந்து உட்காரும் நேரமே வாய்க்காது. தேங்காய்ப்பால் சாதம் அப்படியல்ல. ஒரு டம்ளர் சீரகச் சம்பா அரிசியை 20 நிமிடம் ஊறவைத்து, பட்டை, கிராம்பு, வெங்காயம், பச்சைமிளகாய் தாளித்து, ஒரு டம்ளர் தேங்காய்ப்பாலும் அரை டம்ளர் தண்ணீரும் விட்டுக் குக்கரில் ஒரு விசில் விட்டால் போதும். கணவரே ஆறு மணிக்கு வைத்துவிடலாம். மத்தியானமே செய்த உருளைக்கிழங்கு வறுவலும் சேமியா பாயசமும் ஆறினாலும் ருசிக்கும். ஆறிய பாயசம் இறுகிவிடும். கொஞ்சம் பால் எடுத்து வைத்திருந்து, பரிமாறும்போது கலந்துகொள்ள வேண்டும். வாழையிலையில் சாப்பிட்டால் கழுவ இரண்டு தட்டு குறையும்.

பூவில் ஒரு வேடிக்கை உண்டு. தை மாத முகூர்த்தத்தில் கல்யாணம் செய்தவர்களுக்கு ஆண்டுதோறும் கல்யாண நாளும் முகூர்த்த சீசனில்தான் வரும். பனிக்கு மல்லிகை வரத்தும் குறைந்திருக்கும். ஒரு முழம் விற்கும் விலையில் பட்ஜெட்டே ஆடிப்போகும். தலைக்கு ஒரு முழத்தோடு நிறுத்திக்கொண்டு, அலங்காரத்தை வெளிச்சத்திடம் விட்டுவிடலாம்.

பழகிய ஹால் வேறு இடமாகத் தெரிய டியூப்லைட்டை அணைப்பதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் அகல் விளக்கு ஏற்றினால் ஃபேன் போட முடியாது. ஃபேன் இல்லாத சித்திரை இரவில் எந்தக் காதலும் பத்து நிமிடம் தாங்காது. மொட்டை மாடிக்குப் போனால் காற்று விளக்கை அணைக்கும், கொசு ஆளை எழுப்பும். பரணில் கிடக்கும் சீரியல் பல்பை ஜன்னலில் தொங்கவிடுவதே மேல்.

வீட்டால் கொடுக்க முடியாதது தனிமை. குழந்தைகளுக்கு எட்டு மணிக்கே அதே சாப்பாட்டைப் போட்டுத் தூங்கவைத்துவிடலாம். சீரியல் பார்க்கும் மாமியாரை ஹாலைவிட்டு எழுப்ப முடியாது, எழுப்புவதும் முறையல்ல. அப்படிப்பட்ட வீட்டில் எல்லோருமாகச் சாப்பிட்டு முடித்துவிட்டு, இருவர் மட்டும் தெருமுனை ஐஸ்கிரீம் கடைவரை நடந்துபோய் வரலாம்.