எச்சங்களின் தொடர்பும் இலங்கையின் இறப்பு வீதமும்

காலத்தொடர்த் தரவுகளுக்குப் பிற்செலவுக் கோடு வரைவோர், எச்சங்கள் ஒன்றையொன்று தொடர்வதைக் கண்டதும் பொதுமையாக்கிய இழிவு வர்க்க முறையை நாடுவர். அவ்வழக்கம் ஆராயத்தக்கது.

1938 முதல் 1955 வரையான இலங்கையின் இறப்பு வீதத்துக்கு ஒரு நேர்கோடு வரைவோம். 1943 முதல் 1946 வரை எச்சங்கள் யாவும் கோட்டுக்கு மேலே. 1947 முதல் 1950 வரை யாவும் கீழே. டர்பினும் வாட்சனும் 1950, 1951 ஆம் ஆண்டுகளில் வகுத்த சோதனை, அடுத்தடுத்த எச்சங்களின் வித்தியாச வர்க்கத் தொகையை எச்ச வர்க்கத் தொகையால் வகுக்கின்றது. தொடர்பின்றேல் விடை 2 ஐ அண்டும். இங்கோ 1 இலும் குறைவு. 18 ஆண்டுகளுக்கு ஐந்து சதவீத மட்டத்தில் கீழெல்லை 1.16 ஆகும். தொடர்புக் குணகம் ஏறக்குறைய 0.6.

ஒவ்வோராண்டின் பெறுமானத்திலிருந்தும் முன்னாண்டினதில் 0.6 பங்கைக் கழித்து மீண்டும் கோடு வரைதலே வழக்கமான திருத்தம். ஆயின் கோடே பிழையெனில் அது எதைத் திருத்தும்? 1946 இல் ஆயிரவர்க்கு ஏறத்தாழ 20 ஆயிருந்த வீதம் 1947 இல் ஏறத்தாழ 14 ஆக வீழ்ந்தது. (டி.டி.டி. தெளிப்பின் பங்கு எவ்வளவென்பதில் அறிஞர் மாறுபடுவர். அதனை இச்சோதனை தீர்க்காது.) அவ்வீழ்ச்சிக்கு 0, 1 எனும் மாறியொன்றைச் சேர்த்தால் எச்ச வர்க்கத் தொகை மூன்றிலொரு பங்களவாகக் குறைகின்றது. எனினும் சோதனைப் பெறுமானம் 1 ஐ அண்டியே நிற்கின்றது. எஞ்சிய இத்தொடர்புக்கே அம்முறை உரியது. அதனாற் பெறும் வழுவளவையே நம்பத்தக்கது.