ஏழு நாள் தாங்கும் முடிச்சு

ஹட்டனுக்கு மேலே எங்கள் தோட்டத்து லயத்தில் ‘விடாது கருப்பு’ பார்த்தவர்கள் ஐந்தாறு பேர்தான். டிஷ் இருந்த வீடு நகரத்தில் இருந்தது. மறுநாள் காலை கொழுந்து மலையில் நிரை பிடித்ததுமே, “நேத்து என்னடி காட்டுனாங்க?” என்று கேள்வி வரும். சின்னம்மா கொழுந்தைக் கிள்ளியபடியே கதையைத் தொடங்குவார். குதிரையில் வந்த கருப்பு யாரைத் தண்டித்தது, எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்று நிரை முடிவதற்குள் சொல்லிவிடுவார். டிவி பார்க்காதவர்களும் அந்தக் கதையைத் தொடர்ந்தார்கள்.

நாகா இயக்கி, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய அந்தத் தொடர் 1990களின் பிற்பாதியில் சன் டிவியில் வாரம் ஒரு முறை வந்தது. அரை மணி நேரத்தில் விளம்பரம் போக மிஞ்சுவது இருபது நிமிடம் சொச்சம். அதற்குள் ஒரு சின்னஞ்சிறுவனின் பழைய காலமும் ஊரின் நிகழ்காலமும் மாறி மாறி வரும். ஒரு வாரம் கழித்து வந்து உட்காருகிறவருக்கு எந்தக் காலத்தில் நிற்கிறோம் என்பது உடனே புரிய வேண்டும். அதனால் ஒவ்வொரு வாரமும் கதை ஒரே ஒரு அடிதான் வைக்கும், அந்த அடியை அழுத்தி வைக்கும்.

முடிவுக்கும் அதே இலக்கணம். பாதியில் அறுந்த சண்டை ஏழு நாள் மனதில் தங்காது. கேள்வியாகச் சொல்லக்கூடிய முடிவு தங்கும். “கருப்பு சாமியா, மனுசனா?” என்று மூன்றே சொல்லில் கேட்டுவிடலாம். அந்தக் கேள்விக்கு மலையில் பத்துப் பேர் பத்து விடை சொல்வார்கள். வாரத் தொடரின் முடிச்சு அடுத்தவரிடம் சொல்லத்தக்கதாக இருந்தது.

இணையத் தொடரின் இலக்கணம் வேறு. 2022 ஜூன் 17 அன்று ‘சுழல்’ தொடரின் எட்டு அத்தியாயங்களும் ஒரே நாளில் பிரைம் வீடியோவில் வந்தன. எழுதியவர்கள் புஷ்கர்–காயத்ரி. முதல் நான்கை பிரம்மாவும் அடுத்த நான்கை அனுசரணும் இயக்கினார்கள். சாம்பலூர் என்ற கற்பனை மலையூர், ஒரு சிமெந்து ஆலை, தொழிற்சங்கம், வேலைநிறுத்தம் என்று எங்களுக்கு அந்நியமில்லாத உலகம் அது. ஆலை எரிந்த இரவில் சங்கத் தலைவர் சண்முகத்தின் மகள் நிலா காணாமல் போகிறாள்.

இங்கே எழுத்தாளர் அஞ்சுவது மறதிக்கு இல்லை, பார்ப்பவர் எழுந்து போய்விடுவாரோ என்பதற்கு. அதனால் சந்தேகம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு நகரும் நொடியில் அத்தியாயம் முடியும். திரையில் Next Episode வந்துவிடும், விரல் அதைத் தொட்டுவிடும். விடை சில நொடிகளில் கிடைப்பதால் அந்த முடிவு கேள்வியாக வளர்வதற்கு நேரம் இல்லை. ஆனால் அதில் ஒரு லாபமும் உண்டு. நினைவூட்டத் தேவையில்லாததால், மயானக் கொள்ளைத் திருவிழாவின் நாட்களைக் கதையோடு பின்னி, ஊரையும் சடங்கையும் நிதானமாகக் காட்ட முடிந்தது. வாரத் தொடரின் இருபது நிமிடத்தில் அந்த இடம் கிடைத்திருக்காது.

முன்கதைச் சுருக்கத்திலும் இந்த வேறுபாடு தெரியும். இணையத் தொடரில் அதைத் தாண்டிப்போக Skip Recap என்று ஒரு பொத்தானே உண்டு. தாண்டுவது பல நேரம் நல்லதும்கூட. ஏனென்றால் சுருக்கம் தொகுப்பவர், அன்றைய அத்தியாயத்துக்குத் தேவையான காட்சிகளையே தேர்ந்தெடுக்கிறார். இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு நிமிடம் வந்துபோன ஆள் ஆறாம் அத்தியாயத்தின் சுருக்கத்தில் தலைகாட்டினால், இன்று அவனிடம்தான் ஏதோ இருக்கிறது என்று ரகசியம் முன்னாலேயே கசிந்துவிடும். சின்னம்மாவின் சுருக்கத்தில் இந்தக் குறை இல்லை. அவருக்கே அடுத்த வாரம் தெரியாது.

இணையத் தொடரின் பெரிய நோய் நடுப்பகுதித் தொய்வு. எட்டு அத்தியாயம் என்று கணக்குப் பேசிய கதை ஐந்துக்குத்தான் போதும் என்றால், நான்காவதும் ஐந்தாவதும் விசாரணையாலும் பழைய நினைவுகளாலும் நிரம்பும். தொடர்ந்து பார்க்கும்போது இது தெரியாது, வேகம் மறைத்துவிடும். வாரத் தொடருக்கு அப்படி மறைவிடம் இல்லை. ஒரு வாரம் சப்பென்று போனால், மறுநாள் மலையில் சொல்வதற்கு எதுவும் இருக்காது.

அந்த மலைதான் இன்றைக்கும் நல்ல உரைகல். ஒரு அத்தியாயம் முடிந்ததும் கைப்பேசியை அணைத்துவிடுங்கள். மறுநாள் காலை, பார்க்காத ஒருவருக்கு அந்த அத்தியாயத்தில் என்ன மாறியது என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்தால் அது அத்தியாயம். முடியாவிட்டால், நீண்ட படமொன்றை நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை வெட்டி வைத்திருக்கிறார்கள்.