வரவு என்றால் எந்த வரவு?

"மாதாந்தச் சேவைக் கட்டணம் உங்கள் கணக்கில் வரவு வைக்கப்படும்."

தெல்தெனிய நகரில் வங்கியொன்றின் துண்டுப்பிரசுரத்தில் இந்த வரியைப் பார்த்தேன். அதை என் கையில் தந்தவர் ரங்கலப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா. ஊழியர் சேமலாப நிதிப் பணத்தைப் போட்டுவைக்கக் கணக்குத் திறக்க வந்திருந்தார். "தம்பி, மாசா மாசம் நமக்குக் காசு போடுவாங்கன்னுதானே போட்டிருக்கு?" என்று கேட்டார். "இல்ல அம்மா, மாசா மாசம் எடுப்பாங்க" என்றேன். அவர் அந்தத் தாளை மறுபடி வாங்கிப் பார்த்தார். தாளில் 'வரவு' என்றுதான் இருந்தது. தமிழ் தெரிந்த எவரும் அவர் வாசித்தபடிதான் வாசிப்பார்.

மொழிபெயர்த்தவரும் தமிழ் தெரியாதவர் இல்லை. இலங்கைப் பாடசாலையில் கணக்கீடு படித்தவராக இருந்திருப்பார். நம் பாடநூல்களில் 'டெபிட்' என்பது வரவு, 'கிரெடிட்' என்பது செலவு. 'கட்டணம் டெபிட் செய்யப்படும்' என்ற ஆங்கில வரி வந்ததும் பாடநூலில் படித்த சொல்லையே எடுத்து வைத்துவிட்டார். தமிழ்நாட்டுக் கணக்குப்பதிவியல் நூல்களில் டெபிட் என்பது பற்று, கிரெடிட் என்பது வரவு. பாக்குநீரிணையின் இக்கரையில் ஒன்றைக் குறிக்கும் சொல் அக்கரையில் அதன் நேரெதிரைக் குறிக்கிறது. வங்கித் தமிழுக்குச் சொற்கோவை தொகுக்க உட்காருகிற எவரும் முதலில் அவிழ்க்க வேண்டிய முடிச்சு இதுதான்.

இரு வழக்குக்கும் நியாயம் உண்டு. இலங்கை வழக்கு காசேட்டிலிருந்து பார்க்கிறது. வியாபாரியின் பெட்டிக்குக் காசு வந்தால் காசுக் கணக்கின் இடப்பக்கத்தில் எழுதுவார். அது டெபிட், அது வரவு. தமிழ்நாட்டு வழக்கு கடைக்காரரின் பற்று வரவுக் குறிப்பிலிருந்து பார்க்கிறது. வாடிக்கையாளர் கடனாகப் பொருள் எடுத்தால் அது அவர் பெயரில் பற்று. அவர் பணம் கட்டினால் வரவு. நமது 'மேலதிகப்பற்று' என்ற சொல்லில் இந்தப் பழைய பொருள் இங்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வங்கி நடுவில் வந்ததும் இலங்கை வழக்கு தலைகீழாகிவிடுகிறது. அந்த அம்மா 5,000 ரூபா வைப்புச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கியின் ஏட்டில் காசுக் கணக்கு 5,000 வரவு. அந்தப் பணத்தை வங்கி அவருக்குத் திருப்பித் தர வேண்டியிருப்பதால், அவர் பெயரிலுள்ள கணக்கு 5,000 செலவு. பாடநூலின்படி இதில் பிழையே இல்லை. ஆனால் பணம் கொண்டுவந்து கட்டியவரின் வங்கிப் புத்தகத்தில் 'செலவு 5,000' என்று அச்சிட்டுக் கொடுத்தால் அவர் கருமபீடத்தை விட்டு நகரமாட்டார். சிங்களத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே ஹர, பெர என்ற சோடி இருக்கிறது. வருமானத்துக்கும் செலவுக்கும் வேறு சொற்கள் இருக்கின்றன. இரு மொழித் துண்டுப்பிரசுரங்களும் ஒரே மேசையில் கிடந்தாலும், தடுமாறுவது தமிழில் வாசிப்பவர் மட்டும்தான்.

1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அதற்கு முன்பும் பின்பும் அரசகரும மொழிகள் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டிருக்கிறது. கட்டற்ற மென்பொருள் பக்கத்தில், இடைமுகத்தில் அடிக்கடி வரும் சொற்களை மொழிவாரியாக ஒழுங்குபடுத்த FUEL என்ற திட்டம் 2008 இல் தொடங்கி, தமிழுக்கும் பட்டியல் தந்தது. இவற்றையெல்லாம் நன்றியோடு பயன்படுத்தலாம். ஆனால் இந்த வகைப் பட்டியல்கள் ஆங்கிலச் சொல்லை இடப்பக்கம் வைத்துத் தொடங்குகின்றன. குறை அங்கேதான் இருக்கிறது. ஒரு சொல்லுக்கு ஒரே மொழிபெயர்ப்பு என்று விதித்தால், டெபிட் என்ற சொல் வருகிற இடமெல்லாம் 'வரவு' விழும். மேலே பார்த்த வரி மறுபடி பிறக்கும்.

ஆகவே கருத்திலிருந்து தொடங்க வேண்டும். டெபிட் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் குறைந்தது இரண்டு கருத்துகள் இருக்கின்றன. ஒன்று, இரட்டைப் பதிவில் இடப்பக்கப் பதிவு. இதை வாசிப்பவர் கணக்காளர்; அவருக்கு 'வரவு' இருக்கட்டும். மற்றது, வாடிக்கையாளரின் கணக்கிலுள்ள பணத்தை வங்கி குறைப்பது. இதற்கு 'கழித்தல்': 'உங்கள் கணக்கிலிருந்து கழிக்கப்படும்.' இதன் எதிர்க் கருத்துக்குச் 'சேர்த்தல்': 'உங்கள் கணக்கில் சேர்க்கப்படும்.' சொற்கோவையில் இரண்டாவது கருத்துக்கான வரிசை இப்படி அமையும்: முதலில் ஒரு வாக்கியத்தில் விளக்கம்; பிறகு ஏற்ற சொல், கழித்தல்; பிறகு விலக்கிய சொற்கள், வரவு வைத்தல், பற்று வைத்தல், டெபிட் செய்தல்; பிறகு துண்டுப்பிரசுரத்தில் அப்படியே எடுத்துப் போடக்கூடிய ஒரு முழு வாக்கியம். விலக்கிய சொற்களின் நிரலைப் பலர் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். என் கணிப்பில் மிகவும் பயன்படுவது அதுதான். அச்சுக்குப் போகும் முன் தேடிப் பார்ப்பது அந்தச் சொற்களைத்தானே.

தேடுவதிலும் தமிழுக்கே உரிய பொறிகள் உண்டு. 'வரவு' வேற்றுமை ஏற்று வரவை, வரவில், வரவாக என்று மாறும். அடிச்சொல்லாக 'வரவ' என்று தேடினால் 'அன்புடன் வரவேற்கிறோம்' அகப்படும். 'வரவில்' என்று தேடினால் 'பணம் வரவில்லை' அகப்படும். 'வரவு செலவுத் திட்டம்' வேறு குறுக்கே வரும். எனவே இப்படித் தேடலாம்:

```
வரவு(?! செலவு)|வரவில்(?!லை)|வரவை|வரவாக
```

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. 'கொடுப்பனவு' என்பதிலுள்ள 'ொ' குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், 'ெ', 'ா' என்று இரண்டாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடலில் ஒன்று மட்டும் அகப்படும். கோப்பு முழுவதையும் முதலில் NFC வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் தேட வேண்டும். 'ஒரு பிழையும் இல்லை' என்று கணினி சொன்ன பிறகும் அச்சுத்தாளில் விலக்கிய சொல் நின்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

இப்போது துண்டுப்பிரசுரம் கைபேசிச் செயலியையும் விளக்க வேண்டியிருக்கிறது. செயலிக்கு வாங்கும் மென்பொருளோடு தமிழ்நாட்டுச் சொற்களும் சேர்ந்தே வந்துவிடலாம். தாளில் 'மீதி', திரையில் 'இருப்பு'. தாளில் 'நடைமுறைக் கணக்கு', திரையில் 'நடப்புக் கணக்கு'. தாளில் 'ரூபா', திரையில் 'ரூபாய்'. இவற்றில் எது நல்ல தமிழ் என்று வாதிடுவது வீண். இரண்டும் நல்ல தமிழ்தான். சொற்கோவையில் ஒவ்வொரு சொல்லுக்கும் ta-LK அல்லது ta-IN என்று வட்டாரக் குறி இட்டு, இலங்கையில் அச்சிடுவதற்கும் இலங்கையில் திரையில் காட்டுவதற்கும் ta-LK நிரலையே எடுத்தால் போதும். ஒரு விதிவிலக்கை மட்டும் வற்புறுத்துவேன்: 'பின் இலக்கம்' என்றுதான் ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள், அதை அப்படியே விடுங்கள். புதுச்சொல் ஒன்றைக் கேட்டுக் குழம்புகிறவர் இரகசிய இலக்கத்தை வேறு யாரிடமாவது சொல்லிவிடுவார்.

உங்கள் வங்கி தந்த துண்டுப்பிரசுரம் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கட்டணம் 'வரவு வைக்கப்படும்' என்று எங்கேனும் இருந்தால், அதன் கீழே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 'கழிக்கப்படும்' என்று எழுதி, கிளை முகாமையாளரிடம் கொடுத்துவிடுங்கள்.