யசோதையின் கண்ணும் கண்ணனின் கண்ணும்: ஒரு நாட்டியப் படத்தை வாசிக்கும் முறை

‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’ என்னும் கன்னடப் பதம் வ்யாஸராயர் அருளியதாக வழங்குவது. யமுனா கல்யாணியில் அமைந்த அப்பதத்துக்குத் த. பாலசரஸ்வதி (1918–1984) செய்த அபிநயம் உலகறிந்தது. 1976-இல் சத்யஜித் ராய் எடுத்த ‘பாலா’ ஆவணப்படத்தில் அதனைக் கடற்கரையில் ஆடிக் காண்பித்தார். இப்பதத்தை ஆடுவோரின் நிழற்படங்கள் பலவும் பத்திரிகைகளில் வருகின்றன. அவற்றின் கீழ் இடப்படும் குறிப்புகளிலோ தாயையும் பிள்ளையையும் மாற்றிச் சொல்லும் பிழை அடிக்கடி நேர்கிறது.

ஆடுபவர் ஒருவரே, பாத்திரமோ இரண்டு. அரங்கில் ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் காண்போர் மயங்குவதில்லை. நிழற்படத்தில் ஒரு கணமே நிற்கிறது.

முதலில் அழைக்கும் கை. விரல்கள் சேர்ந்து நீண்ட பதாகம் அது. வடகாஞ்சி என வழங்கும் மீஞ்சூரில் வரதராஜனைச் சேவிப்போருக்கு அபய ஹஸ்தம் புதிதன்று. அதுவும் பதாக வடிவமே. உள்ளங்கை நம்மை நோக்கி நிற்கும். யசோதையின் கையில் அதே பதாகம் திரும்பி, விரல்கள் தன்பக்கம் மடியும். அஞ்சேல் என்று உலகை அமர்த்துபவனை ஓர் ஆய்ச்சி ‘வா’ என்று அழைக்கிறாள். பரத்வமும் ஸௌலப்யமும் ஒரே முத்திரையின் இரு முகங்களாகும் இடம் இது. ஆனால் விரல்கள் பாதி மடிந்த கணத்தில் படம் பிடித்தால் ‘போ’ என்று விலக்குவதுபோலவும் தோன்றும். அப்போது கையை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. கை சென்ற வழியே கண்ணும், கண் சென்ற வழியே மனமும் செல்ல வேண்டும் என்று அபிநயதர்ப்பணம் வகுத்திருப்பது இங்கே துணை செய்யும். பார்வை சிறு பிள்ளையின் உயரத்துக்குத் தாழ்ந்து, உடலும் முன் சாய்ந்திருந்தால் அழைப்பு. முகம் ஒருபுறம் திரும்பியிருந்தால் விலக்கு.

கடைசிச் சரணத்தில்தான் உண்மையான சிக்கல் எழுகிறது. தாய்க்கு வாயில் உலகத்தைக் காட்டியவன் என்று மட்டுமே பதம் சொல்கிறது. எதற்காக வாய் திறந்தான் என்பதைச் சொல்லவில்லை. ஸ்ரீபாகவதம் தசமஸ்கந்தம் எட்டாம் அத்யாயத்தில் மண்ணுண்ட குற்றம் காரணம். பலராமனும் மற்றப் பிள்ளைகளும் கோள் சொல்ல, யசோதை கையைப் பற்றி அதட்டுகிறாள். பெரியாழ்வார் திருமொழியின் முதல் பதிகத்திலோ குற்றமும் இல்லை, விசாரணையும் இல்லை. நீராட்டும் தாய் நாவை வழிக்கிறாள். அதற்காகவே பிள்ளை வாய் திறக்கிறான். ஆகவே படத்தில் சுட்டுவிரல் நிமிர்ந்த ஸூசீமுகம் அதட்டி நின்றால் ஆடுபவர் பாகவதத்தைப் பின்பற்றுகிறார். ஒரு கை மோவாயைத் தாங்க, மறு கையின் விரல் வாயருகே மெல்லச் சென்றால் அவர் ஆழ்வாருடைய வழியில் நிற்கிறார். பதத்தின் சொற்கள் இரண்டுக்கும் இடம் தருகின்றன. அருளிச்செயலில் ஈடுபட்டவர்க்கு இரண்டாவது இனிக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி முகம். அகன்ற கண்ணும் உயர்ந்த புருவமும் உள்ள படத்துக்கு ‘விச்வரூபம் கண்டு அஞ்சிய யசோதை’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. இது பொருந்தாது. பாகவதத்தில் அச்சத்தால் சுழலும் கண்கள் கண்ணனுக்கே சொல்லப்படுகின்றன. தாயின் அதட்டலுக்கு நடுங்கும் பிள்ளையின் கண்கள் அவை. விச்வரூபம் கண்டு நடுங்கியவன் அர்ஜுனன். யசோதையோ இது கனவோ, மாயையோ, தன் மதிமயக்கமோ என்று வியந்து ஆராய்கிறாள். நாட்ய சாஸ்திரப்படி அச்சப் பார்வையிலும் இமைகள் விரியும், வியப்பிலும் கண் மலரும். அச்சத்தில் கருவிழி அலைவதுதான் பெரும் வேற்றுமை. அந்த அலைவைக் காமிரா பிடிக்க இயலாது. எனவே கண்ணுக்குக் கீழே பார்க்க வேண்டும். அஞ்சியவர் தோள்கள் குறுகும், அவயவங்கள் உள்ளொடுங்கும். வியந்தவர் கழுத்து நீளும், மார்பு அகலும். பார்வையின் திசையும் காட்டிக்கொடுக்கும்: மேல் நோக்கி அஞ்சும் கண் கண்ணனுடையது, கீழ் நோக்கி மலரும் கண் யசோதையுடையது.

அவ்வாறு பிரித்தறிந்தாலும் வியப்புப் படத்தோடு கதை முடிவதில்லை. பாகவதத்தில் வைஷ்ணவீ மாயை மறைக்க, கண்டதெல்லாம் மறந்து பிள்ளையை மடியில் ஏற்றுகிறாள் தாய். பரதர் சொன்ன எட்டு ரஸங்களில் வாத்ஸல்யத்துக்குத் தனி இடமில்லை. பின்னர் ஸாஹித்யதர்ப்பணகாரர் அதனைச் சேர்த்தார். எனினும் இவ்வபிநயத்தில் அத்புதத்தை விழுங்கி நிற்பது வாத்ஸல்யமே. அந்தக் கணத்தில் இமை தாழும், உதடு தளரும், கைகள் மார்பருகே வளைந்து குவியும். கண்ணைக் கவரும் விரிவு அங்கில்லாததால் பத்திரிகைகள் அப்படத்தைத் தள்ளிவிடுகின்றன; எங்கேனும் அச்சிட்டால் ‘தாலாட்டு’ என்று பெயரிடுகின்றன. சற்று முன்பு ஏழுலகும் கண்டவள் அவள் என்பது அக்குறிப்பில் தொலைந்துபோகிறது.