நூறு சதவீதம் காட்டுகிறது, சான்றிதழ் இல்லை

இணையவழிப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் ஒரே சாயலில் மடல்கள் வந்து குவியும். அந்தச் சாயலை வைத்து நான் கட்டிய மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு, அது தன் வேலையைச் செய்கிறதா என்று பார்க்கலாம்.

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்களுடைய 'தரவுப் பகுப்பாய்வு அறிமுகம்' பாடத்தின் எட்டு அலகுகளையும் முடித்துவிட்டேன். என் பக்கத்தில் 100% என்று காட்டுகிறது, படம் இணைத்துள்ளேன். ஒரு வாரமாகியும் சான்றிதழ் வரவில்லை. வேலைக்கு விண்ணப்பிக்க அவசரமாகத் தேவைப்படுகிறது. ஏன் வழங்கப்படவில்லை என்று தெரிவித்து, விரைவில் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி."

மரியாதையில் குறையில்லை, நீட்டி முழக்கவும் இல்லை. பாடத்தின் பெயர் இருக்கிறது. சான்றுக்குப் படமும் இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல மடல்தான். ஆனால் இதைப் படிக்கும் ஆசிரியருக்கு, சான்றிதழ் ஏன் வரவில்லை என்பதற்கான தடயம் அநேகமாக எதுவும் கிடைக்காது. அந்த 100% படமே அவரைத் தவறான திசைக்கு அனுப்பிவிடும்.

முதலில் இந்த மடல் யாருக்குப் போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். உடெமி போன்ற சந்தைத் தளத்தில் சான்றிதழை உருவாக்குவது தளம். ஆசிரியர் நினைத்தாலும் கொடுக்க முடியாது. அங்கே இந்த மடல் தவறான கதவைத் தட்டுகிறது, அவ்வளவுதான். என்பிடெல் பாடங்களில் நிலைமை வேறு. விதி பொதுப் பக்கத்திலேயே அச்சடித்தாற்போல் கிடக்கிறது: வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25, தேர்வு மையத்தில் போய் எழுதும் தேர்வுக்கு 75. பயிற்சியில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 என இரண்டையும் தனித்தனியே எட்ட வேண்டும். பயிற்சியில் 24, தேர்வில் 28 வாங்கியவருக்கு மொத்தம் 52 வந்தாலும் சான்றிதழ் கிடையாது. பயிற்சி அத்தனையும் முடித்துவிட்டுத் தேர்வுக்கே பதிவு செய்யாதவருக்கும் கிடையாது. அங்கிருந்து 'ஏன்' என்று கேட்டு எழுதினால், படிக்காமல் கேட்கிறார் என்று ஆசிரியர் அலுத்துக்கொள்வதில் நியாயம் உண்டு.

நம் மாதிரி மடல் இந்த இரண்டு வகையிலும் சேராது. இது ஒரு கல்லூரியோ பயிற்சி நிறுவனமோ தன் சொந்த வழங்கியில் நடத்தும் மூடில் தளத்திலிருந்து எழுதப்படுவதாகக் கொள்வோம். இங்கே விதியை அமைப்பவர் ஆசிரியர். அந்த விதியை மாணவர் கண்ணுக்குக் காட்டுவதா மறைப்பதா என்று முடிவு செய்பவரும் அவரே. ஆகவே மடல் சரியான ஆளுக்குத்தான் போகிறது, கேட்பதும் நியாயமான கேள்வி. இனி அது எழுதப்பட்ட விதத்தைப் பார்க்கலாம்.

அந்த நூறு சதவீதம் எதை அளக்கிறது? மூடிலின் முகப்பில் தெரியும் சதவீதம், ஆசிரியர் 'நிறைவுக் கண்காணிப்பு' வைத்திருக்கும் உருப்படிகளை மட்டும் எண்ணிச் சொல்லும் கணக்கு. பாடத்தை முழுதாக முடித்ததாகக் கொள்ளும் நிபந்தனைகள் தனியாக வேறொரு பக்கத்தில் அமைக்கப்படுகின்றன. சான்றிதழைத் திறந்துவிடும் பூட்டு இன்னும் தனி. அதை ஏதாவது ஒரு தேர்வின் மதிப்பெண்ணோடு கட்டிவைக்கலாம். இம்மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும் என்று தளம் கட்டாயப்படுத்துவதில்லை.

நம் பாடத்தில் எட்டு அலகுகள், ஒவ்வொன்றிலும் ஒரு காணொலி, ஒரு சிறு வினாத்தாள். ஆகப் பதினாறு உருப்படிகள். எல்லாவற்றிலும் கண்காணிப்பு உண்டு. பதினேழாவதாக இறுதித் தேர்வு. அதைக் கடைசி நேரத்தில் சேர்த்த ஆசிரியர் கண்காணிப்பை வைக்க மறந்துவிட்டார். ஆனால் சான்றிதழுக்கு அந்தத் தேர்வில் 50க்கு 30 வேண்டும் என்று பூட்டுப் போட்டுவிட்டார். மடல் எழுதிய மாணவி பதினாறையும் முடித்ததும் முகப்பு 100% என்கிறது. அது பொய்யில்லை, சான்றிதழுக்குச் சம்பந்தமில்லாத ஓர் உண்மை. அதன் படத்தைத்தான் அவர் இணைத்தார்.

இறுதித் தேர்வையும் அவர் எழுதிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். தலா 4 மதிப்பெண்ணில் எட்டுக் கொள்குறி வினாக்கள், தலா 9 மதிப்பெண்ணில் இரண்டு கட்டுரை வினாக்கள். கொள்குறி வினாக்களை எந்திரம் அந்த நொடியே திருத்திவிடும். மாணவிக்கு எட்டும் சரி, 32 மதிப்பெண். தேவையானது 30. கட்டுரைகளில் சுழியம் வாங்கினாலும் தேர்ச்சிதான். ஆனால் கட்டுரையைத் திருத்துவது ஆசிரியரின் கை. ஒரு கட்டுரை திருத்தப்படாமல் இருந்தாலும் அந்தத் தேர்வுக்கு மூடில் மதிப்பெண்ணே தராது. 32 என்றும் தராது. தேர்வுப் பக்கத்தில் Not yet graded என்று நிற்கும், மதிப்பெண் பட்டியலில் ஒரு சிறு கோடு இருக்கும், பூட்டு திறக்காது. மாணவியின் பக்கம் எந்தக் குறையும் இல்லாமலேயே சான்றிதழ் நின்றுபோகிறது.

இதே அறிகுறி வேறு காரணத்தாலும் வரும். வினாத்தாளின் கடைசியில் Finish attempt என்பதை அழுத்தினால் தேர்வு முடிந்துவிடாது. விடைகளின் சுருக்கப் பக்கம் வரும், அங்கே Submit all and finish என்பதை அழுத்தி, மீண்டும் ஒருமுறை உறுதி செய்ய வேண்டும். முதல் பொத்தானோடு உலாவியை மூடிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கால வரம்பு வைக்காத தேர்வென்றால் அந்த முயற்சி In progress என்றே கிடக்கும். எழுதியவருக்கோ முடித்துவிட்டோம் என்ற நிறைவு. (இரண்டு பொத்தான்களுக்கும் இவ்வளவு நெருக்கமான பெயர் வைத்தவரை நான் மன்னிப்பதாயில்லை.)

இனி மடலுக்குத் திரும்பினால் அதன் பலவீனம் புலப்படும். எட்டு அலகுகளையும் முடித்துவிட்டேன் என்று அது அடித்துச் சொல்கிறது. முடித்தாரா இல்லையா என்பதுதான் இங்கே வழக்கே. இறுதித் தேர்வைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆசிரியர் "இறுதித் தேர்வு எழுதினீர்களா?" என்று கேட்டு ஒரு வரி அனுப்புவார். "எழுதினேன் ஐயா" என்று பதில் வரும். "சமர்ப்பித்தீர்களா?" என்று இன்னொரு வரி போகும். இப்படியே நாட்கள் ஓடும். Not yet graded என்று தேர்வுப் பக்கத்தில் இருந்ததை மாணவி அப்படியே எடுத்து எழுதியிருந்தால், பாக்கி தன்னிடம்தான் என்பது ஆசிரியருக்கு அந்த நொடியே தெரிந்திருக்கும்.

மாணவி மூடிலின் உள்ளமைப்பைக் கற்றுவைத்திருக்க வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு அவருடையதல்ல, திரையில் இருப்பதை மாற்றாமல் எடுத்துச் சொல்வது மட்டுமே அவரால் ஆவது. இணைக்க வேண்டிய படம் Grades பக்கத்தின் படம், முகப்பின் படமல்ல. சான்றிதழ் இணைப்பின் கீழே Not available unless: என்று ஒரு வரி இருந்தால் அதையும் சேர்க்கலாம். அந்த வரி எந்தத் தேர்வு என்று சொல்லும். எத்தனை மதிப்பெண் வேண்டும் என்று சொல்லாது. ஆசிரியர் அந்த வரியையே மறைத்து வைத்திருந்தால், சான்றிதழ் என்ற ஒன்று இருப்பதே மாணவி கண்ணில் படாது. அப்போது "சான்றிதழ் இணைப்பே எனக்குத் தெரியவில்லை" என்று எழுதினால் போதும். அதுவும் ஒரு தடயமே.

மடலில் இல்லாத இன்னொரு தகவலும் உண்டு. உடன் படித்தவர்களுக்குச் சான்றிதழ் வந்ததா? பூட்டுப் போட்ட தேர்வையோ பயிற்சியையோ ஆசிரியர் பின்னாளில் நீக்கியிருந்தால், யாராலும் நிறைவேற்ற முடியாத நிபந்தனையாக அது தங்கிவிடும், வகுப்பில் ஒருவருக்கும் வராது. மற்றவர்களுக்கு வந்து இவருக்கு மட்டும் வரவில்லை என்றால் தேட வேண்டிய இடம் வேறு. தோழிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் தேடும் இடம் பாதியாகக் குறையும்.

'ஒரு வாரமாகியும்' என்ற சொற்களை மட்டும் நான் மெச்சுவேன். தளத்தின் பின்னணி வேலைகள் அடிக்கடி ஓட வேண்டியவை. ஒரு வாரம் என்றதும் 'கொஞ்சம் பொறுங்கள், தானாக வரும்' என்ற வழக்கமான பதிலுக்கு இடமில்லாமல் போகிறது. வேலைக்கு அவசரம் என்ற வரியைச் சிலர் வெட்டச் சொல்வார்கள். நான் சொல்லமாட்டேன். ஆனால் கடைசி நாள் எது என்று தேதி போட வேண்டும். திருத்த வேண்டிய கட்டுரைகளின் குவியலில் ஒன்றை முன்னுக்கு இழுக்கத் தேதி உதவும், அவசரம் என்ற பொதுச்சொல் உதவாது.

இந்த மடலில் எனக்கு உறுத்தும் பெரிய குறை கடைசிக் கோரிக்கை: 'விரைவில் அனுப்பிவைக்குமாறு'. மூடிலில் ஒரு மாணவரின் நிறைவுக் குறியையும் மதிப்பெண்ணையும் ஆசிரியர் கையால் மாற்றி எழுத முடியும். அவசரப்படுத்தும் மடலுக்கு அலுத்துப்போன ஆசிரியர் அந்தக் குறுக்குவழியைப் பிடித்தால், இவருக்குச் சான்றிதழ் வந்துவிடும். பூட்டின் பிழை அப்படியே இருக்கும், அடுத்த மாணவருக்கும் அதே தடை. அதோடு, திருத்தப்படாத கட்டுரைக்கு யாரோ கையால் போட்ட எண்ணும் பதிவில் நிற்கும். 'எந்த நிபந்தனை நிறைவேறவில்லை?' என்று கேட்டிருந்தால், ஆசிரியர் அமைப்பைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும்.

இதே மடலை நான் எழுதினால் இவ்வளவுதான் இருக்கும்:

"ஐயா, வணக்கம். பயனர் பெயர் இது. இறுதித் தேர்வை 12ஆம் தேதி சமர்ப்பித்தேன். நிலை Finished, மதிப்பெண் இடத்தில் Not yet graded என்று இருக்கிறது. Grades பக்கத்தின் படம் இணைத்துள்ளேன். சான்றிதழ் இணைப்பு திறக்கவில்லை. உடன் படித்த இருவருக்கும் இதே நிலை. எந்த நிபந்தனை பாக்கி என்று தெரிவிக்க வேண்டுகிறேன். 28ஆம் தேதிக்குள் விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டியிருக்கிறது."

குற்றம் யாருடையது என்றால், இந்த வழக்கில் மாணவியுடையது அல்ல. கண்காணிப்பை மறந்ததும், மதிப்பெண் எல்லையைப் பாடத்தின் முதல் பக்கத்தில் எழுதிவைக்காததும், கட்டுரைகளை ஒரு வாரமாகத் தொடாததும் ஆசிரியரே. முதல் மடலைக் குறை தீர்க்கும் விண்ணப்பமாக ஏற்பேன். கேட்பதற்கு அதற்கு முழு உரிமை உண்டு. ஆனால் அதை நல்ல மடல் என்று சொல்லமாட்டேன். ஆசிரியரின் கவனக்குறைவை வெளிக்கொண்டுவர வேண்டிய மடல், இணைத்த படத்தாலேயே அதை மறைத்துவிடுகிறது. அந்த 100% படத்தைப் பார்க்கும் ஆசிரியர், தளத்தில் ஏதோ கோளாறு என்று தொழில்நுட்பப் பிரிவுக்கு மடலைத் தள்ளிவிடுவார். அவர்கள் வழங்கியைச் சோதித்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்பார்கள். கட்டுரைகள் அங்கேயே திருத்தப்படாமல் கிடக்கும்.