மூன்று வாக்கியத்தில் நிலநடுக்கம்

புவித்தட்டுகளைப் பற்றிய நீண்ட கட்டுரையைச் சுருக்குபவர்கள் பெரும்பாலும் 'தட்டுகள் மோதுகின்றன, நிலம் நடுங்குகிறது' என்று முடித்துவிடுகிறார்கள். ஓயாமல் நகரும் தட்டு ஏன் எப்போதோ ஒருமுறை மட்டும் உலுக்குகிறது என்பதற்கு அதில் பதிலே இல்லை. விட்டுப்போனது உராய்வு. நான் வைத்துக்கொள்ளும் மூன்று வாக்கியங்கள் இவை: பூமியின் மேற்புறம், ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகரும் பாறைத் தட்டுகளால் ஆனது. பிளவுகளை உராய்வு கவ்விப் பிடித்திருக்க, இருபுறப் பாறையும் வளைந்து ஆற்றலைச் சேமிக்கிறது. பிடி விட்டுப் பிளவு சட்டென வழுக்கும்போது, சேர்ந்த ஆற்றல் அலைகளாகப் பரவி நிலத்தை உலுக்குகிறது.

நடு வாக்கியத்தை வெட்டவே கூடாது. 1906 சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் வேலிகள் சில மீட்டர் விலகி நின்றதையும் பழைய நில அளவைகளையும் ஒப்பிட்டே புவி இயற்பியலாளர் ரீட் அதைக் கண்டறிந்தார். 1993இல் லாத்தூர் குலுங்கியது தட்டின் நடுவில்தானே என்று கேட்கலாம். அதற்காகத்தான் 'விளிம்பு' என்று எழுதாமல் 'பிளவு' என்று எழுதினேன்.